கிரீம் சேலையை அரக்கு நிறமாக்கணும்: Hue-வை எவ்வளவு நகர்த்தினாலும் வெளிறின ரோஸ்தான் வருது

டவுன் ஆல்பம்:
டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்கு ஆன்லைன் படங்கள் செஞ்சு குடுக்கேன். காட்டன் சேலை ஒரே டிசைனில், கிரீம் போக ஆறு நிறம். மாடலுக்குக் கட்டிப் படம் எடுத்தது கிரீம் சேலை மட்டும். மீதி நிறங்களுக்குச் சின்னத் துணித்துண்டு குடுத்திருக்காங்க. முதல் நிறம் அரக்கு, அடுத்தது நீலம், கடைசியில் கருப்பு.

Hue/Saturation-ல Hue-வை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துட்டேன். வெளிறின ரோஸ், வெளிறின பச்சை, இவ்வளவுதான். Saturation-ஐ ஏத்தினா சேலை முழுக்கத் திட்டுத்திட்டா ஆரஞ்சு. மாடல் தலையில் மல்லிகை இருக்கு, சேலையில் சரிகைக் கரை இருக்கு, பின்னால சாம்பல் நிறத் திரை. போட்டோஷாப்தான். RAW கையில் இருக்கு. எங்க தப்பு?

சிந்துபூந்துறை:
Hue/Saturation-லயே Colorize-னு ஒரு டிக் இருக்கு பாருங்க. அதைப் போட்டுட்டு Hue 350, Saturation 70 வைங்க. இல்லாட்டி புது லேயரில் அரக்கை நிரப்பி Color மோடுல விடுங்க. மடிப்பு அப்படியே நிக்கும், நிறம் மட்டும் மாறும். நான் எல்லாச் சட்டைக்கும் இதைத்தான் செய்யுதேன்.

வீரவநல்லூர் தறி:
தம்பி, காட்டன்னா ரியாக்டிவ் சாயம் நல்லாப் பிடிக்கும். உப்பு, சோடா ஆஷ் போட்டு முக்கணும். ஆனா நெய்த சேலையில் முக்கினா சரிகை கருத்துப்போகும், கஞ்சி இருந்தா திட்டு விழும். முதல்ல கஞ்சியைப் போக அலசிருங்க.

டவுன் ஆல்பம்:
அண்ணாச்சி, துணிக்குச் சாயம் இல்ல. கம்ப்யூட்டரில் படத்துக்கு நிறம் மாத்தணும்.

@சிந்துபூந்துறை Color மோடும் போட்டேன். அரக்கு வரல, பன்னீர் ரோஜா நிறம்தான் வருது.

பாளை ரீடச்:
வரத்தான் செய்யும். Color மோடு உங்க லேயரிலிருந்து நிறத்தை மட்டும் எடுத்துக்கும், வெளிச்ச அளவை அடியில் இருக்கிற படத்திலிருந்து எடுக்கும். கிரீம் சேலையோட வெளிச்சம் 255-க்கு 225 பக்கம் இருக்கும். அரக்குத் துணியோட வெளிச்சம் 50 பக்கம்தான். 225 வெளிச்சத்தில் அரக்குன்னு ஒரு நிறமே கிடையாது, அந்த இடத்தில் ரோஸ்தான் இருக்க முடியும். சிந்துபூந்துறை சொன்ன வழி இளநீலம், பிஸ்தா மாதிரி வெளிர் நிறத்துக்குச் சரியா வரும். அடர் நிறத்துக்கு வராது.

Hue ஏன் வேலை செய்யலைன்னு தெரியணும்னா Info பேனலைத் திறந்து சேலை மேல எலியை ஓட்டுங்க. முந்தானையில் வெளிச்சமான மடிப்பு, நடுத்தரமான இடம், ஆழமான மடிப்பு, மூணுக்கும் RGB எண்ணை இங்க போடுங்க. அப்புறம் பேசலாம்.

டவுன் ஆல்பம்:
அக்கா, பார்த்தேன்.
வெளிச்சம்: 252, 246, 231
நடு: 236, 226, 204
ஆழம்: 188, 176, 152

பாளை ரீடச்:
நடு இடத்தைப் பாருங்க. சிவப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் வெறும் 32. அந்த 32-தான் அந்தச் சேலையில் இருக்கிற மொத்த நிறம். Hue ஸ்லைடர் அந்த வித்தியாசத்தைச் சுத்தி விடுமே தவிர, கூட்டாது. அரக்குக்கு வித்தியாசம் 90 வேணும். Saturation ஏத்தினா 32 பெருகும், ஆனா சமமாப் பெருகாது. வெளிச்சத்தில் வித்தியாசம் 21, ஆழத்தில் 36. அதனால மடிப்புக்குள்ள ஆரஞ்சு, மேட்டில் வெள்ளைன்னு நிக்குது. JPEG-ஆ இருந்தா இன்னும் மோசம். பெரும்பாலான JPEG-ல நிறத்தகவலை வெளிச்சத்தை விடக் குறைஞ்ச அளவில்தான் சேமிப்பாங்க. அதை இழுத்துப் பெருக்கினா கட்டம் கட்டமாத் திட்டு விழும்.

ஆக, நகர்த்த எதுவும் இல்ல. கையில் இருக்கிறது மடிப்போட வெளிச்சம்-நிழல் மட்டும். அதைச் சுத்தமாப் பிரிச்சு எடுத்துட்டு, அதுக்கு மேல நிறத்தைப் பெருக்கிக் கொடுக்கணும். Multiply.

முதல்ல RAW-ஐத் திரும்பத் திறங்க. Highlights-ஐக் குறைச்சு, தேவைப்பட்டா Exposure-ஐயும் கொஞ்சம் இறக்கி, சேலையில் எந்த இடமும் 255-ஐத் தொடாம வெளியே எடுங்க, 16 பிட்டில். முகம் இருட்டா இருக்கேன்னு கவலைப்படாதீங்க. முகத்துக்கு வேற ஒண்ணு எடுத்து மாஸ்க் போட்டுச் சேர்த்துக்கலாம். 16 பிட் எதுக்குன்னா, சேலையோட மொத்த மடிப்பும் 150-லிருந்து 230-க்குள்ள அடங்கிக் கிடக்கு. அதை விரிக்கும்போது 8 பிட்டில் படிக்கட்டு மாதிரி கோடு தெரியும்.

அடுத்து சேலைக்கு மாஸ்க். ஒரு Group போட்டு மாஸ்க்கை அந்த Group-க்கே குடுங்க, Group மோடு Pass Through-லயே இருக்கட்டும். உள்ளே கீழிருந்து மேல இந்த வரிசை:

Channel Mixer, Monochrome டிக், Red 0, Green 0, Blue 100.
அதுக்கு மேல Levels, Input-ல வலதுபக்க எண் 231. RAW-ஐ இறக்கினதில் எண் மாறியிருந்தா வெளிச்சமான மடிப்போட புது நீல எண்.
அதுக்கு மேல Solid Color, மோடு Multiply.

நீலச் சேனல் ஏன்னா, கிரீம் துணியில் முதல்ல வெடிக்கிறது சிவப்பு. உங்க எண்ணிலேயே சிவப்பு 252-ல முட்டிக்கிட்டு நிக்குது, நீலம் 231-ல இருக்கு. வெளிச்சமான மடிப்பில் நூல் இழை மிச்சம் இருக்கிறது அங்கதான். இன்னொண்ணு, கிரீமோட மஞ்சள் இதில் செத்துப்போகும். மஞ்சள் இருக்கும்போதே Multiply போட்டா உங்க நீலச் சேலையில் நீலத்தில் அஞ்சில் ஒரு பங்கு போயிடும், சிவப்பில் அவ்வளவு போகாது. கழுவிக் கழுவி மங்கின நீலம் மாதிரி வரும்.

டவுன் ஆல்பம்:
Channel Mixer வரைக்கும் வந்துட்டேன். சேலை இப்ப கருப்பு-வெள்ளையா மடிப்போட நல்லா இருக்கு. துணித்துண்டைப் போட்டோ எடுத்து நிறம் எடுத்தேன்: 112, 22, 38. அதை Solid Color-ல குடுத்தா சேலை துண்டை விடக் கருத்துத் தெரியுதே?

பாளை ரீடச்:
ஆமா. Multiply-ல வெள்ளை இருக்கிற இடத்தில் மட்டும்தான் நீங்க கொடுத்த நிறம் அப்படியே வரும். சேலையில் பெரும்பகுதி நடுத்தர இடம். Levels-க்கு அப்புறம் அது 204-லிருந்து 225 ஆயிருக்கும். அதனால நடு இடம் துண்டோட ஒத்துப்போகிற மாதிரி நிறத்தைக் கொஞ்சம் ஏத்திக் கொடுக்கணும்.

```
கொடுக்கும் எண் = துண்டின் எண் × 255 ÷ 225
112 → 127
 22 → 25
 38 → 43
```

127, 25, 43 போட்டுப் பாருங்க. ஆழமான மடிப்பு 84, 16, 28 பக்கம் வரும்.

துண்டை எடுத்த விளக்கு எது? சேலையை எடுத்த அதே விளக்கு, அதே ஒயிட் பேலன்ஸ் இல்லாட்டி இந்தக் கணக்கெல்லாம் வீண். துண்டுக்குப் பக்கத்தில் கிரே கார்டு வச்சு எடுங்க. கடை டியூப்லைட்டில் போனில் எடுத்த துண்டை நம்பாதீங்க.

மேலப்பாளையம் பிளக்ஸ்:
நல்ல இழை. எனக்கு வேற தலைவலி. கட்சிக்காரங்க வெள்ளைச் சட்டையில் போனில் எடுத்து அனுப்புதாங்க, பிளக்ஸுக்கு. சட்டையை இளநீலமா மாத்துங்கன்னு கேக்காங்க. தோள்பட்டை, நெஞ்சு எல்லாம் ஒரே வெள்ளை. நீலச் சேனலும் 255, எல்லாச் சேனலும் 255. நிறம் போட்டா பேப்பரில் வெட்டி ஒட்டின மாதிரி நிக்குது. இதுக்கு என்ன வழி?

பாளை ரீடச்:
அதுக்கு வழி இல்ல. மூணு சேனலும் 255-ஆ இருந்தா அங்க மடிப்பே பதிவாகல. வேற போட்டோ கேளுங்க. இல்லேன்னா அதே வெளிச்ச திசையில் எடுத்த வேற சட்டையோட நெஞ்சுப் பகுதியைக் கொண்டுவந்து Warp பண்ணி உட்கார வைக்கணும். அது நிறம் மாத்துற வேலை இல்ல, புதுசா வரையுற வேலை. கூலியை அதுக்குத் தக்கப் பேசுங்க.

இன்னொண்ணு. வெளியில் வெயிலில் எடுத்த படத்துக்கு நீலச் சேனல் சரிப்படாது. நிழலில் விழுறது வானத்தோட நீல வெளிச்சம். அதனால நீலச் சேனலில் மடிப்பு ஆழமில்லாம வெளுத்துத் தெரியும். அங்க பச்சைச் சேனலை எடுங்க.

குறிச்சி ஜிம்ப்:
ஜிம்ப் வச்சிருக்கிறவங்களுக்கு: Colors > Components > Mono Mixer-ல இதே வேலை நடக்கும். லேயர் மோடு Multiply அங்கயும் உண்டு.

ஆனா அக்கா, Multiply மட்டும் போட்டா சேலை பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் ஒரே அரக்கு, அதையே கருப்பாக்கின மாதிரி. நிஜ அரக்குச் சேலையில் மடிப்புக்குள்ள பாருங்க, நிறம் இன்னும் செக்கச்செவேல்னு ஆழமா இருக்கும். நான் Gradient Map-தான் போடுவேன்: கருப்பு முனைக்கு ஒரு நிறம், நடுவுக்கு ஒண்ணு, வெள்ளை முனைக்கு ஒண்ணு. Multiply-யே தேவையில்ல.

பாளை ரீடச்:
கவனிச்சது சரி, காரணமும் உண்டு. மடிப்புக்குள்ள போன வெளிச்சம் துணியில் ரெண்டு மூணு தடவை பட்டுத் தெறிச்சு வெளிய வருது. சிவப்புத் துணின்னா ஒவ்வொரு தடவையும் இன்னும் சிவந்து வரும். அதனால ஆழத்தில் நிறம் கூடும்.

வெள்ளைத் துணியில் வேற கதை. தெறிக்கிற வெளிச்சம் குறையாம மடிப்பையே நிரப்பிடும். அதனால வெள்ளைச் சேலையில் எடுத்த நிழல் எப்பவும் மெலிசு. அடர் நிறச் சேலையில் அதே மடிப்பு இன்னும் இருட்டா இருந்திருக்கும். ஆகவே Levels-க்கும் Solid Color-க்கும் நடுவில் ஒரு Curves போட்டு ஆழத்தைக் கீழ இழுக்கணும். இந்தச் சேலையில் 168-ல நிற்கிற மடிப்பை 140-க்கு இறக்குங்க, 225-ஐ அசையாமப் பிடிச்சுக்கோங்க. அரக்குக்கு இது போதும். வெளிர் நிறத்துக்கு இந்த Curves வேண்டாம்.

Gradient Map எனக்குக் கருப்புக்கு மட்டும் பிடிக்கும். மத்ததுக்கு Multiply-ல ஒரு எண்ணை மாத்தினா நிறம் மாறிடும், ஆறு நிறமும் ஒரே அடுக்கில் முடியும். Gradient Map-ல நிறத்துக்கு மூணு எண் தேடணும்.

குறிச்சி ஜிம்ப்:
மூணு எண் தேடினாத்தான் துணி துணியாத் தெரியும்னு நான் சொல்லுதேன். ஆறு நிறத்துக்குப் பதினெட்டு எண், அவ்வளவுதானே.

டவுன் ஆல்பம்:
அரக்கு வந்துட்டு! Curves போட்டதும் எடுப்பா இருக்கு. ஆனா ரெண்டு இடத்தில் உதைக்குது. தோள் ஓரத்தில் மெல்லிசா வெள்ளைக் கோடு மினுங்குது. கழுத்துக்குக் கீழ, கைக்கு அடியில் மாடலோட தோல் ஏதோ ஒட்டாம நிக்குது. அப்புறம் Color Range வச்சு மாஸ்க் எடுத்ததில் மல்லிகையும் அரக்காயிட்டு.

பாளை ரீடச்:
Color Range வெள்ளையா இருக்கிற எல்லாத்தையும் அள்ளிக்கும்: மல்லிகை, பல், கண்ணு, வளையல்ல மின்னுற இடம். அதை அடித்தளமா மட்டும் வச்சுக்கிட்டு, வெளி ஓரத்தை Pen tool-ல சுத்துங்க. சரிகைக் கரைக்குத் தனி மாஸ்க் போட்டுக் கழிச்சிருங்க. அதை இதே Group-க்குள்ள விட்டா பொன்னிறம் செத்து கருத்த அரக்காயிடும்.

வெள்ளைக் கோடு: ஓரத்துப் பிக்சல் பாதி கிரீம், பாதி பின்னணி. மாஸ்க் ஒரு பிக்சல் உள்ளே நின்னாலும் அந்தக் கிரீம் மினுங்கும். கூந்தல் ஓரத்தில் மாஸ்க்கை ஒரு பிக்சல் வெளியே தள்ளுங்க. Multiply கருப்பு மேல பட்டாக் கருப்பாத்தான் இருக்கும், தெரியாது. தோல் ஓரத்தில் தள்ளாதீங்க, அரக்குக் கறை விழும். அங்க சின்ன பிரஷ்ஷில் கையாலதான் சரிபார்க்கணும். திரை சாம்பல் நிறமாப் போனது நல்லதாப் போச்சு. வெள்ளைத் திரையா இருந்தா கிரீம் சேலை எங்க முடியுதுன்னே கண்டுபிடிக்க முடியாது.

தோல் ஒட்டாம நிற்கிறதுக்குக் காரணம் கிரீம் சேலையே. அது தாடைக்கு அடியிலும் கை உள்பக்கத்திலும் வெள்ளை வெளிச்சத்தைத் தெறிச்சு விட்டிருக்கு. அரக்குச் சேலை அப்படித் தெறிக்காது. Group-க்கு மேல புது லேயர், மோடு Multiply, தோலிலேயே எடுத்த கருத்த பழுப்பு, மெத்தென்ற பெரிய பிரஷ், லேயர் Opacity 10 முதல் 15. தாடைக்கடியில் ரெண்டு இழுப்பு, கைக்கடியில் ஒண்ணு. லேயர் கண்ணை மூடித் திறந்து பாருங்க, வித்தியாசம் தெரியும். அதிகம் போனா அழுக்கா இருக்கும்.

சிந்துபூந்துறை:
சரி, அடர் நிறத்துக்கு Multiply, ஒத்துக்கிடுதேன். கருப்புக்கும் அதையே போட்டா போதும்லா?

பாளை ரீடச்:
போதாது, அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. 30, 30, 32-ஐ Multiply பண்ணினா வெளிச்சம் 30, ஆழம் 20. மொத்த மடிப்பும் பத்து எண்ணுக்குள்ள அடங்கிடும். திரையில் ஒரு கருப்பு ஓட்டை மாதிரி இருக்கும். நிஜக் கருப்புத் துணியில் மடிப்பு தெரியுறதே மேல படுற மினுமினுப்பால்தான். அந்த மினுமினுப்பு துணி நிறத்தில் நனையாது, விளக்கோட நிறத்திலேயே வரும்.

அதனால கருப்புக்கு Solid Color-ஐ எடுத்துட்டு Gradient Map. ஆழத்துக்கு 12, 12, 14. நடுவுக்கு 34, 34, 38. வெளிச்சத்துக்கு 72, 73, 80. இது காட்டனுக்கு. பட்டுன்னா மேல் முனை இன்னும் ஏறணும்.

அரக்கிலும் கொஞ்சம் மினுமினுப்பு வேணும்னா, பழைய படத்தைக் காப்பி எடுத்து நிறத்தை நீக்கி, Group-க்குள்ள மேல வச்சு Screen மோடு, Opacity 12. Blend If-ல This Layer இடதுபக்கக் குமிழை Alt பிடிச்சு இரண்டாப் பிளந்து 200, 240-ல வைங்க. உச்சி மடிப்பு தூக்கலா மேல வரும்.

சரியா வந்துட்டான்னு பார்க்க: துணித்துண்டு போட்டோவைச் சேலைக்குப் பக்கத்தில் வச்சு, எல்லாத்துக்கும் மேல தற்காலிகமா ஒரு Black & White லேயர் போடுங்க. துண்டும் சேலையோட நடு இடமும் ஒரே சாம்பலா இருக்கணும். சேலை வெளுத்துத் தெரிஞ்சா கொடுத்த நிறத்தோட வெளிச்ச அளவு சரியில்லன்னு அர்த்தம். கண்ணு நிறத்தில் ஏமாறும், சாம்பலில் அவ்வளவு ஏமாறாது.

மேலப்பாளையம் பிளக்ஸ்:
பிளக்ஸ் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. அரக்கும் கருப்பும் அச்சில் இன்னும் இருட்டும். 20-க்குக் கீழ இருக்கிற மடிப்பெல்லாம் ஒரே கட்டியாப் போயிடும். அச்சுக்குத் தனியா ஒரு காப்பியில் ஆழத்தை ஏத்திக் குடுங்க. ஆன்லைனுக்குப் போடுற படத்தையே தூக்கிக் குடுக்காதீங்க.

வீரவநல்லூர் தறி:
முதல்ல தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், போகட்டும். இப்ப ஒண்ணு கேக்கேன். அந்த நீலச் சேலைத் துண்டை விரலில் மடிச்சுப் பாத்தீங்களா? பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாப் போட்டிருந்தா நேராப் பாத்தா நீலம், சாய்ச்சுப் பாத்தா வேற நிறம் அடிக்கும். மடிப்பு உச்சியில் ஊடை நிறம் தூக்கலாத் தெரியும். கிரீமில் ரெண்டும் ஒரே நூல், அதனால அதில் அந்த ஆட்டமே இருக்காது.

டவுன் ஆல்பம்:
அண்ணாச்சி, இப்பத்தான் துண்டை எடுத்து மடிச்சேன். நீங்க சொன்னது சரி. நேராப் பார்த்தா மயில் நீலம், சாய்ச்சா உள்ளுக்குள்ள ஊதா ஓடுது.

குறிச்சி ஜிம்ப்:
அப்ப Gradient Map-தான். ஆழத்துக்கு நீலம், உச்சிக்கு ஊதா.

பாளை ரீடச்:
ஒப்பேத்தலாம், ஆனா சரியாகாது. Gradient Map வெளிச்சத்தை மட்டும்தான் பார்க்கும். இரட்டை நிறம் மாறுறது துணி எந்தக் கோணத்தில் திரும்பியிருக்குங்கிறதால. ஒரே வெளிச்ச அளவில் இருக்கிற ரெண்டு மடிப்பு, ஒண்ணு இடப்பக்கம், ஒண்ணு வலப்பக்கம் திரும்பியிருந்தா ஒண்ணு நீலமும் ஒண்ணு ஊதாவுமா இருக்கணும். படத்தில் அந்தக் கோணத் தகவல் இல்ல. கொசுவத்தில் ஒவ்வொரு மடிப்பா மாஸ்க் போட்டு ஊதாவைக் கையால ஏத்தலாம், ஒரு படத்துக்கு அரை நாள் போகும். அதுக்கு அந்த ஒரு சேலையை மட்டும் மாடலுக்குக் கட்டி எடுக்கிறது மலிவு.

குறிச்சி ஜிம்ப்:
போனில் பாக்குற வாங்குறவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது அக்கா.

வீரவநல்லூர் தறி:
பார்சலைப் பிரிச்சதும் தெரியும் தம்பி.

டவுன் ஆல்பம்:
கடையில் கேட்டுட்டேன். நீலத்தை மட்டும் தனியா எடுக்கச் சம்மதிச்சுட்டாங்க. அரக்கு, கருப்பு, மீதி மூணும் இந்த அடுக்கிலயே போடுதேன். கருப்பில் சரிகை ஓரம் இன்னும் உதைக்குது, கரைக்கும் உடலுக்கும் நடுவில் ரெண்டு பிக்சல் கிரீம் தெரியுது. மாஸ்க்கைத் தள்ளினா சரிகை கருக்குது. வேற யாருக்காவது வழி தெரிஞ்சா சொல்லுங்க.